சனி இரவு பில் போட முடியாது: சிஸ்டம் நிறுத்தத்தை வாடிக்கையாளருக்கு எப்படி அறிவிப்பது

நான் எழுதிய முதல் நிறுத்த அறிவிப்பு இதுதான்: "வரும் வார இறுதியில் பராமரிப்புப் பணி நடைபெற உள்ளதால் எங்கள் சேவையில் தற்காலிகத் தடங்கல் ஏற்படலாம். சிரமத்துக்கு வருந்துகிறோம்." அனுப்பி அரை மணி நேரத்தில் போன் அடிக்கத் தொடங்கியது. மாலை வரை ஓயவில்லை. எல்லாரும் கேட்டது மூன்றே கேள்விகள்தான். சரியாக எத்தனை மணிக்கு? எது எது நிற்கும்? அதுவரை நாங்கள் என்ன செய்வது?

அறிவிப்பு என்பதே இந்த மூன்றுக்கும் பதில்தான். கேட்க எளிதாக இருக்கிறது, எழுத உட்கார்ந்தால் ஒவ்வொன்றிலும் ஒரு குழி இருக்கும். ஒரே ஒரு உதாரணத்தை எடுத்துக்கொண்டு தொடக்கம் முதல் கடைசி வரை போய்ப் பார்ப்போம்.

நம்மிடம் ஒரு பில்லிங் மென்பொருள் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தியா, சிங்கப்பூர், நியூயார்க் என்று மூன்று இடங்களில் கடைகள் அதைப் பயன்படுத்துகின்றன. உள்ளே ஓடும் டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 13. அதற்கான ஆதரவு 2025 நவம்பரில் முடிந்துவிட்டது, எனவே 16-க்கு மாற வேண்டும். மாற்றும் வேலையை `pg_upgrade` பார்த்துக்கொள்ளும். ஆனால் அது ஓடும் நேரத்தில் டேட்டாபேஸ் மூடியிருக்க வேண்டும், அதனால் யாரும் பில் போட முடியாது. நாள், 2026 மார்ச் 14, சனிக்கிழமை.

முதலில் நேரத்தைக் கணக்குப் போடுங்கள்

டெக்னிக்கல் ஆளிடம் "எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டால் "ஒரு மணி நேரம் போதும்" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. தன் வேலைக்கான நேரத்தைச் சொல்கிறார். வாடிக்கையாளருக்கு வேண்டியது வேறு கணக்கு. கடைசியாக எப்போது பில் போடலாம், மறுபடி எப்போது போடலாம், அவ்வளவுதான். இரண்டுக்கும் நடுவில் உள்ள மொத்த நேரத்தைத்தான் அறிவிக்க வேண்டும்.

எனவே கேள்வியை உடைத்துக் கேளுங்கள். நம் உதாரணத்தில் உண்மையான டேட்டாவின் பிரதி ஒன்றில் ஒத்திகை பார்த்தோம். அப்கிரேடுக்கு மட்டும் 50 நிமிடம் ஆனது. அதற்கு முன் எல்லாரையும் வெளியேற்றி கடைசி பேக்கப் எடுக்க 20 நிமிடம். முடிந்தபின் பில் போட்டு, ரிப்போர்ட் எடுத்து, கணக்கு ஒத்துப்போகிறதா என்று பார்க்க 30 நிமிடம். இதுவரை 100 நிமிடம். எல்லாம் ஒழுங்காக நடந்தால் இவ்வளவுதான்.

நடக்காவிட்டால்? பழைய நிலைக்குத் திரும்ப 45 நிமிடம் வேண்டும். பலரும் விட்டுவிடுகிற இடம் இதுதான். திரும்பிப் போகும் நேரமும் அறிவித்த நேரத்துக்குள் அடங்க வேண்டும். இல்லையென்றால் அப்கிரேடு தோற்கிற அன்று சொன்ன நேரமும் சேர்ந்து தோற்கும். 145 நிமிடத்தோடு இன்னும் 35 நிமிடம் கையிருப்பு வைத்து 3 மணி நேரம் என்று முடிவு செய்தோம். இரவு 10:30-க்குத் தொடங்கினால் 1:30.

இதிலிருந்து உள்ளுக்குள் ஒரு கெடுவும் கிடைக்கிறது. 12:30-க்குள் அப்கிரேடு தேறியதா இல்லையா என்று முடிவெடுத்தாக வேண்டும். அப்போதுதான் திரும்பிப் போக 45 நிமிடமும் சரிபார்க்க 15 நிமிடமும் மிஞ்சும். இதை வாடிக்கையாளரிடம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அன்றிரவு வேலை செய்கிறவர்களின் சுவரில் ஒட்டி வையுங்கள். "இன்னும் பத்தே நிமிடம், முடிந்துவிடும்" என்று ஒருவர் 12:50 வரை இழுப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

"2 முதல் 4 மணி நேரம் ஆகலாம்" என்று எழுத ஆசை வரும். எழுதாதீர்கள். படிப்பவர் 2 என்பதை மட்டும்தான் எடுத்துக்கொள்வார்.

"சனி இரவு 1:30" என்றால் எந்த நாள்?

நேரம் கிடைத்துவிட்டது, இனி எழுத வேண்டும். தமிழில் இங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு. நாம் பேச்சில் "சனிக்கிழமை ராத்திரி ஒன்றரை" என்றால் அது காலண்டரில் ஞாயிற்றுக்கிழமை. "சனி இரவு 12 மணி" இன்னும் மோசம். வெள்ளி முடிந்து சனி பிறக்கும் நேரமா, சனி முடிந்து ஞாயிறு பிறக்கும் நேரமா? ஒரு தடவை அப்படி எழுதி, ஒரு வாடிக்கையாளர் ஒரு நாள் முன்பே இரவு முழுக்க ஆட்களை உட்கார வைத்துவிட்டார். தவறு என்னுடையது. காலையில் அவரிடம் பேசிய பேச்சு இன்னும் நினைவிருக்கிறது.

எனவே தொடக்கத்துக்கும் முடிவுக்கும் தனித்தனியாகத் தேதி, கிழமை, நேரம் மூன்றையும் எழுதுங்கள். நிறுத்தம் நள்ளிரவைத் தாண்டினால் இது கட்டாயம். 12:00 என்ற நேரத்தையே தவிர்த்துவிடுங்கள். அந்த நேரத்தில்தான் தொடங்க வேண்டும் என்றால் 11:55 என்றோ 12:05 என்றோ வைத்துக்கொண்டால் குழப்பம் போய்விடும்.

அடுத்தது நேர மண்டலம். "ஐஎஸ்டி" என்று மட்டும் போட்டால் போதும் என்று நினைப்போம். அயர்லாந்திலும் இஸ்ரேலிலும் அதே மூன்றெழுத்து அவர்கள் நேரத்தைக் குறிக்கும். "இந்திய நேரம்" என்று சொல்லாகவே எழுதி, பக்கத்தில் யூடிசி நேரத்தையும் போடுங்கள். பிறகு ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் அவரவர் ஊர் நேரத்தை நாமே கணக்கிட்டுத் தருவது நல்லது. அவர்கள் கணக்குப் போட்டால் பத்தில் ஒருவர் தப்பாகப் போடுவார்.

நம் உதாரணத்தைப் பாருங்கள். இந்திய நேரம் சனி இரவு 10:30 என்பது யூடிசியில் மாலை 5:00. சிங்கப்பூரில் அது ஞாயிறு அதிகாலை 1:00, அங்கே கடைகள் மூடியிருக்கும். நியூயார்க்கில்? அறிவிப்பை எழுதுகிற மார்ச் 2 அன்று நியூயார்க் யூடிசியைவிட 5 மணி நேரம் பின்னால் இருக்கிறது. அப்படிப் பார்த்தால் நண்பகல் 12 முதல் 3 வரை. ஆனால் அமெரிக்காவில் மார்ச் மாதத்தின் இரண்டாவது ஞாயிறு அன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள். 2026-இல் அது மார்ச் 8. எனவே 14-ஆம் தேதி வரும்போது வித்தியாசம் 4 மணி நேரம்தான். சரியான நேரம் பிற்பகல் 1:00 முதல் 4:00 வரை. இன்றைய கடிகாரத்தை வைத்து எழுதியிருந்தால், நியூயார்க் கடைக்காரர் 12 மணிக்கே நிறுத்திவிட்டு, 3 மணிக்குத் திறந்து பார்த்து, "இன்னும் வேலை செய்யவில்லையே" என்று கூப்பிடுவார். நிறுத்தம் நடக்கப்போகிற நாளின் நேரத்தைத்தான் பார்க்க வேண்டும், அறிவிப்பு எழுதும் நாளின் நேரத்தை அல்ல. ஐரோப்பாவில் கடிகாரம் மாறுவது மார்ச் கடைசி ஞாயிறு. அதனால் மார்ச் மாதத்தில் ஊருக்கு ஊர் கணக்கு மாறும்.

தலைவலியைக் குறைக்க ஒரு வழி, மின்னஞ்சலோடு ஒரு காலண்டர் கோப்பை இணைத்துவிடுவது. அதில் நேரத்தை யூடிசியில் கொடுத்தால், திறப்பவரின் காலண்டர் அவர் ஊர் நேரத்துக்குத் தானே மாற்றிக் காட்டும். கடைசியில் இருக்கும் `Z` எழுத்துதான் அது யூடிசி என்று சொல்கிறது. அதை விட்டுவிட்டால் எல்லா ஊரிலும் மாலை 5 மணி என்றே காட்டும்.

```
DTSTART:20260314T170000Z
DTEND:20260314T200000Z
```

இந்தக் கணக்கில் இன்னொரு விஷயமும் வெளியே வந்துவிட்டது, கவனித்தீர்களா? நமக்கு நடுஇரவு, நியூயார்க்குக்கு சனிக்கிழமை மதியம், அதாவது வியாபாரம் சூடு பிடிக்கும் நேரம். எல்லா ஊருக்கும் வசதியான நேரம் கிடைக்கவில்லை. அப்படியென்றால் அந்த ஊர் வாடிக்கையாளர்களுக்கு மின்னஞ்சல் போவதற்கு முன்பே ஒரு போன் போக வேண்டும். கீழே வரும் மாற்றுவழியும் முக்கியமாக அவர்களுக்காகத்தான்.

எது நிற்கும், எது நிற்காது

உள்ளே நாம் பேசுவது சர்வர் பெயரில். வாடிக்கையாளருக்கு அது தெரியாது. "முதன்மை டேட்டாபேஸ் கிளஸ்டர் கிடைக்காது" என்று எழுதினால் அவர் அதைப் படித்துவிட்டு, "சரி, பில் போடலாம்தானே?" என்று கேட்பார். அவர் ஒரு நாளில் செய்கிற வேலைகளை வரிசையாக நினைத்துப் பாருங்கள். கடை திறந்து லாகின் செய்கிறார், பில் போடுகிறார், பழைய பில்லைத் தேடுகிறார், ஸ்டாக் பார்க்கிறார், இரவு கணக்கு முடிக்கிறார். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் "நிற்கும்" அல்லது "நிற்காது" என்று எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தாள்தான் அறிவிப்பின் நடுப்பகுதி.

நம் கணக்கில் லாகின், பில், ஸ்டாக், ரிப்போர்ட் நான்கும் முழுக்க நிற்கும். ஏற்கெனவே மின்னஞ்சலில் போன பில் பிடிஎஃப் இணைப்புகள் திறக்கும், ஏனென்றால் அந்தக் கோப்புகள் தனியிடத்தில் இருக்கின்றன. கார்டு தேய்க்கும் இயந்திரம் வங்கியோடு நேரடியாகப் பேசுகிறது, நம் சிஸ்டத்தைத் தொடுவதே இல்லை. அதனால் பணம் வாங்குவதில் சிக்கல் கிடையாது. நிற்காதவற்றையும் இப்படி வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அன்று மதியம் கார்டை வாங்கவே பயப்படுவார்கள். "பாதிப்பு இருக்கலாம்" என்ற சொல்லுக்கு இந்தப் பட்டியலில் இடமில்லை. தெரியவில்லை என்றால் ஒத்திகையில் போய்ப் பாருங்கள்.

யார் கண்ணிலும் படாமல் பின்னால் ஓடும் வேலைகள்தான் பெரும்பாலும் விட்டுப்போகும். தினமும் இரவு 11 மணிக்கு முதலாளிக்குப் போகும் அன்றைய விற்பனைக் கணக்கு மின்னஞ்சல் ஓர் உதாரணம். அது அன்று போகாது, ஞாயிறு காலை 7 மணிக்குப் போகும் என்று அறிவிப்பில் ஒரு வரி எழுத வேண்டும். பாக்கித் தொகையை நினைவூட்டும் எஸ்எம்எஸ் இன்னும் விபரீதமானது. அவை வரிசையில் தேங்கி, சிஸ்டம் திறந்ததும் 1:30 மணிக்கு மொத்தமாகக் கிளம்பிவிடும். நம் வாடிக்கையாளரின் வாடிக்கையாளர்கள் நள்ளிரவில் "உங்கள் பாக்கி ரூபாய் இவ்வளவு" என்ற செய்தியோடு எழுவார்கள். அந்த வரிசையைக் காலை 9 மணி வரை பிடித்து வையுங்கள். இதை அறிவிப்பில் எழுதுவதைவிட நடக்காமல் பார்ப்பதுதான் வேலை.

ஏபிஐ வழியாக ஆன்லைன் கடையிலிருந்து ஆர்டர் அனுப்புகிற வாடிக்கையாளர்கள் இருந்தால் அவர்களுக்குத் தனி மின்னஞ்சல் போடுங்கள். கடைக்காரருக்குப் போகும் அறிவிப்பில் இதைத் திணிக்காதீர்கள், இருவருமே படிக்க மாட்டார்கள். புரோகிராமருக்குத் தெரிய வேண்டியது, நிறுத்த நேரத்தில் என்ன பதில் வரும், எவ்வளவு நேரம் கழித்து மறுபடி அனுப்பலாம் என்பதுதான். வர வேண்டிய பதில் இது:

```
HTTP/1.1 503 Service Unavailable
Retry-After: Sat, 14 Mar 2026 20:00:00 GMT
```

`Retry-After` என்பதில் விநாடிக் கணக்கும் கொடுக்கலாம். ஆனால் 10800 என்று நிலையாக எழுதி வைத்தால், நள்ளிரவு 1 மணிக்கு வந்து கேட்பவருக்கும் "இன்னும் 3 மணி நேரம்" என்றே சொல்லும். முடியும் நேரத்தையே எழுதிவிட்டால் அந்தப் பிரச்சினை இல்லை. பராமரிப்புப் பக்கத்தைக் காட்டிவிட்டு 200 என்ற எண்ணை அனுப்புவது இதைவிடப் பெரிய தவறு. அந்தப் பக்கம் நம் கண்ணுக்கு அழகாகத் தெரியும். ஆர்டர் அனுப்பும் புரோகிராமோ "வெற்றி" என்று எடுத்துக்கொண்டு அடுத்த ஆர்டருக்குப் போய்விடும். மூன்று மணி நேர ஆர்டர்கள் எங்கேயும் பதிவாகாது. எந்தப் பிழைச் செய்தியும் வராது.

503 சரியாகப் போனாலும் ஒரு விஷயம் பாக்கி. பல புரோகிராம்கள் சில நிமிடங்களில் ஐந்தாறு தடவை முயன்றுவிட்டுக் கைவிட்டுவிடும். மூன்று மணி நேரம் பொறுக்கும்படி எழுதப்பட்டவை குறைவு. எனவே "10:20-க்கு உங்கள் ஆர்டர் இணைப்பை நிறுத்தி வையுங்கள், 1:30-க்குப் பின் தொடங்குங்கள், மறுபடி அனுப்பும்போது பழைய ஆர்டர் எண்ணையே அனுப்புங்கள்" என்று நேராகச் சொல்லிவிடுங்கள். எண் மாறினால் ஒரே ஆர்டர் இரண்டாகப் பதிவாகும்.

மாற்றுவழி: எழுதுவதற்கு முன் செய்து பாருங்கள்

"அந்த நேரத்தில் கையால் பில் எழுதிக்கொள்ளலாம்" என்று ஒரு வரி எழுதினால் மாற்றுவழி ஆகாது. அந்த வரியை எங்கள் அலுவலகத்தில் கணக்கு பார்க்கும் ஒருவரிடம் காட்டினேன். அவருக்கு மென்பொருள் எழுதத் தெரியாது, கடை நடத்தத் தெரியும். "சரி, பில் நம்பர் என்ன போடுவது?" என்றார். அந்த ஒரு கேள்வியில் மொத்தமும் கலைந்தது.

சிஸ்டம் கடைசியாகப் போட்ட பில் 4512 என்று வையுங்கள். கையால் எழுதுபவர் 4513 என்று தொடர்வார். சிஸ்டம் திறந்ததும் அதுவும் 4513-இலிருந்துதான் தொடங்கும். ஒரே எண்ணில் இரண்டு பில். வரிக் கணக்கில் இது வெறும் அசௌகரியத்தோடு நிற்காது. எனவே தனி வரிசை கொடுத்தோம், M-001, M-002 என்று. அந்த வரிசையை நம் சிஸ்டம் ஏற்றுக்கொள்கிறதா என்பதையும் முன்பே ஏற்றிப் பார்த்தோம். முதல் தடவை ஏற்கவில்லை. எண் மட்டும்தான் இருக்க வேண்டும் என்று சொல்லியது. நிறுத்தத்துக்கு ஒரு வாரம் முன்பே அது தெரிந்ததால் திருத்த முடிந்தது.

அடுத்த கேள்வி, "விலை எங்கே பார்ப்பது?" சிஸ்டம்தான் மூடியிருக்கிறதே. அதனால் தொடங்குவதற்கு முன் விலைப்பட்டியலைத் தரவிறக்கி வைக்கச் சொல்ல வேண்டும். அதற்கு ஒரு கெடு, 10:15. தரவிறக்குவதற்கான இடத்தையும் சொல்ல வேண்டும். பிறகு ஒரு எக்செல் தாளை நாமே தயார் செய்து இணைத்தோம். பில் எண், நேரம், பொருள் குறியீடு, எண்ணிக்கை, விலை, பணமா கார்டா என்று ஆறே பத்திகள். திறந்ததும் அதை அப்படியே ஏற்றிவிடலாம்.

மாற்றுவழியால் முடியாததையும் எழுதுங்கள். நம் உதாரணத்தில் பொருளைத் திருப்பி வாங்க முடியாது, ஏனென்றால் பழைய பில்லைப் பார்க்க வழியில்லை. கடன் வரம்பையும் பார்க்க முடியாது, எனவே கடனுக்கு விற்பது அவரவர் பொறுப்பு. ஸ்டாக் குறையாது. எக்செல் தாளை ஏற்றும் வரை சிஸ்டத்தில் இருக்கும் எண்ணிக்கை பொய். அதனால் அடுத்த நாள் முதல் பில்லுக்கு முன் ஏற்றியாக வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால் திங்கள் அன்று "உங்கள் அப்கிரேடு எங்கள் ஸ்டாக்கைக் கெடுத்துவிட்டது" என்ற புகார் வரும். அப்கிரேடு கெடுத்திருக்காது, ஆனால் புகார் நியாயமானதுதான்.

உண்மையிலேயே மாற்றுவழி இல்லாத சேவையும் இருக்கும். அப்போது "இதற்கு மாற்றுவழி இல்லை, 10:30-க்கு முன் முடித்துக்கொள்ளுங்கள்" என்று எழுதுங்கள். ஒன்றுமில்லாததை ஒப்பேற்றி எழுதுவதைவிட அது உதவும்.

எழுதிய அறிவிப்பு

மின்னஞ்சலின் தலைப்பிலேயே நாளும் பாதிப்பும் வந்துவிட வேண்டும். பாதிப்பேர் அதற்கு மேல் படிக்க மாட்டார்கள். இந்தியக் கடைகளுக்குப் போனது இப்படி:

> தலைப்பு: மார்ச் 14 சனி இரவு 10:30 முதல் மார்ச் 15 ஞாயிறு அதிகாலை 1:30 வரை பில் போட முடியாது
>
> வணக்கம்.
>
> டேட்டாபேஸை புதிய பதிப்புக்கு மாற்றுவதற்காக பில்லிங் சிஸ்டத்தை 3 மணி நேரம் நிறுத்துகிறோம்.
>
> தொடக்கம்: 2026 மார்ச் 14, சனிக்கிழமை, இரவு 10:30 (இந்திய நேரம்)
> முடிவு: 2026 மார்ச் 15, ஞாயிற்றுக்கிழமை, அதிகாலை 1:30 (இந்திய நேரம்)
> யூடிசி: மார்ச் 14, 17:00 முதல் 20:00 வரை
>
> நிற்பவை: லாகின், பில் போடுதல், ஸ்டாக், ரிப்போர்ட். இரவு 11 மணி விற்பனைக் கணக்கு மின்னஞ்சல் ஞாயிறு காலை 7 மணிக்கு வரும்.
> நிற்காதவை: கார்டு இயந்திரம், ஏற்கெனவே அனுப்பிய பில் இணைப்புகள்.
>
> 10:30-க்கு முன்: போட்டுக்கொண்டிருக்கும் பில்லை 10:25-க்குள் சேமித்துவிடுங்கள், பாதியில் இருப்பது அழிந்துவிடும். கடை திறந்திருக்கும் என்றால் 10:15-க்குள் "பொருட்கள்" பக்கத்திலிருந்து விலைப்பட்டியலைத் தரவிறக்கி வையுங்கள்.
>
> நிறுத்த நேரத்தில்: இணைத்துள்ள எக்செல் தாளில் M-001 முதல் எண் கொடுத்து எழுதுங்கள். பொருளைத் திருப்பி வாங்குவதை இந்த முறையில் செய்ய முடியாது.
>
> 1:30-க்குப் பின்: அடுத்த பில் போடுவதற்கு முன் அந்தத் தாளை "இறக்குமதி" பக்கத்தில் ஏற்றுங்கள். அதுவரை ஸ்டாக் எண்ணிக்கை சரியாக இருக்காது.
>
> அந்த நேரம் உங்களுக்கு ஒத்துவராது என்றால் மார்ச் 6, வெள்ளிக்குள் இந்த மின்னஞ்சலுக்குப் பதில் அனுப்புங்கள்.

காரணம் ஒரே வரியில் முடிந்துவிட்டது. போஸ்ட்கிரெஸ் என்ற பெயர்கூட இல்லை. மன்னிப்பு வரியையும் விட்டுவிட்டேன். அதைச் சேர்ப்பதில் தவறில்லை, முதல் வரியாக மட்டும் வைக்காதீர்கள். கடைசி வரியில் பதிலுக்கு ஒரு கெடு இருப்பதைப் பாருங்கள். அதற்குப் பிறகு வரும் ஆட்சேபத்துக்காகத் தேதியை மாற்றுவது மற்ற எல்லாரையும் மறுபடி குழப்பும்.

எப்போது, யாருக்கு, எதன் வழியாக

எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும் என்பதை முதலில் ஒப்பந்தத்தில் பாருங்கள். பல ஒப்பந்தங்களில், குறிப்பிட்ட நாட்களுக்கு முன்பே அறிவித்தால்தான் அது திட்டமிட்ட நிறுத்தம். இல்லையென்றால் சேவைத் தவறாகக் கணக்காகும். மாதத்துக்கு 99.9 சதவீதம் இயங்கும் என்று கையெழுத்திட்டிருந்தால், 30 நாள் மாதத்தில் நமக்கு உள்ள சலுகை 43 நிமிடம்தான். மூன்று மணி நேரம் அதை விழுங்கிவிடும்.

நாங்கள் மார்ச் 2, திங்கள் அன்று முதல் அறிவிப்பை அனுப்பினோம். 11-ஆம் தேதி அதே உரையை நினைவூட்டலாக அனுப்பினோம். நினைவூட்டலில் சொற்களை மாற்றி எழுதாதீர்கள், "முதலில் சொன்னதில் ஏதாவது மாறிவிட்டதா?" என்று தேடத் தொடங்கிவிடுவார்கள். நிறுத்த நாளான 14-ஆம் தேதி இரவு 8:30-க்கு சிஸ்டத்தின் உள்ளேயே, பில் போடும் திரையின் மேலே ஒரு பட்டை தோன்றியது. மின்னஞ்சல் முதலாளிக்குப் போகும், பில் போடுகிற பையன் அதைப் பார்க்கவே மாட்டான். அவனுக்கு அந்தப் பட்டைதான் அறிவிப்பு.

எல்லா வாடிக்கையாளரையும் ஒரே மின்னஞ்சலில் சேர்த்தால் பிசிசி பெட்டியில் போடுங்கள். ஒருவர் முகவரி இன்னொருவருக்குத் தெரிந்தால், நிறுத்தத்தைவிட அதுதான் பேச்சாகும்.

இன்னொன்று, அன்றிரவு செய்தி அனுப்பப் பயன்படுத்தும் வழி நாம் நிறுத்தப்போகும் சிஸ்டத்துக்குள்ளேயே இருக்கக்கூடாது. சிரிப்பாக இருக்கும், ஆனால் நடக்கும். வாடிக்கையாளர்களின் முகவரிகள் அதே டேட்டாபேஸில் இருக்கும், புகார் டிக்கெட்டும் அதிலேயே ஓடும், மூடியபின் யாருக்கும் ஒன்றும் சொல்ல முடியாது. முகவரிப் பட்டியலை முன்பே வெளியே எடுத்து வையுங்கள். ஸ்டேட்டஸ் பக்கம் வேறு சர்வரில் இருக்கட்டும்.

அன்றிரவு

10:30-க்கு "தொடங்கிவிட்டோம்" என்று ஸ்டேட்டஸ் பக்கத்தில் ஒரு வரி போதும். அதன்பின் ஒன்றும் சொல்லத் தேவையில்லை, நேரம் தள்ளிப்போகாத வரை.

தள்ளிப்போனால், அறிவித்த முடிவு நேரத்துக்கு முன்பே சொல்லுங்கள். 1:30-க்குத் திறக்க முடியாது என்பது 1:10-க்கே தெரிந்துவிடும். அப்போதே "முடிவு நேரம் 2:15-க்கு மாறுகிறது, எக்செல் தாளையே தொடருங்கள்" என்று எழுதிவிடுங்கள். "விரைவில்" என்ற சொல் வேண்டாம். புதிய நேரத்தையும் தாராளமாகக் கொடுங்கள். ஒரு தடவை நீட்டினால் பொறுப்பார்கள், அரை மணிக்கு ஒரு தடவை நீட்டினால் போனை எடுத்துவிடுவார்கள்.

முடிந்த செய்தியை அனுப்புவதற்கு முன் நம் ஆள் ஒருவர் வெளியிலிருந்து, அலுவலக நெட்வொர்க்கில் இல்லாமல், சாதாரணக் கடைக்காரர் கணக்கில் லாகின் செய்து ஒரு பில் போட்டுப் பார்க்க வேண்டும். `pg_upgrade` முடிந்த உடனே இன்னொரு வேலையும் உண்டு. டேட்டாபேஸ் தன் தேடல்களைத் திட்டமிடப் பயன்படுத்தும் புள்ளிவிவரங்கள் 16-க்கு மாறும்போது கூடவே வராது. அவற்றைப் புதிதாகச் சேகரிக்க வேண்டும். சேகரித்து முடிக்காமல் திறந்தால் எல்லாம் ஓடும், ரிப்போர்ட் மட்டும் நகரவே நகராது. எங்கள் 30 நிமிடச் சரிபார்ப்பில் இதுவும் அடக்கம்.

அன்று 12:50-க்கே எல்லாம் தயாராகிவிட்டது. திறந்துவிட்டு அனுப்பிய செய்தி இது:

> பில்லிங் சிஸ்டம் இப்போது திறந்திருக்கிறது (மார்ச் 15, ஞாயிறு, அதிகாலை 12:55, இந்திய நேரம்). கையால் எழுதிய பில்கள் இருந்தால் புதிய பில் போடுவதற்கு முன் எக்செல் தாளை ஏற்றுங்கள். நிறுத்துவதற்கு முன் போட்ட பில் எதுவும் காணவில்லை என்றால் பில் எண்ணோடு இந்த மின்னஞ்சலுக்குப் பதில் அனுப்புங்கள்.

நியூயார்க் கடைகளுக்கு அவர்கள் நேரத்தில், "சனி பிற்பகல் 3:25" என்று போட்டுத் தனியாகப் போனது. திங்கள் காலை அங்கிருந்து ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது. M-001 முதல் M-019 வரை எழுதியிருக்கிறார்கள், ஏற்றவும் செய்திருக்கிறார்கள். M-007 மட்டும் இரண்டு தடவை வந்திருந்தது. இரண்டு கவுன்டரிலும் தனித்தனித் தாள். கவுன்டருக்கு ஒரு எழுத்து கொடுத்திருக்க வேண்டும், அடுத்த தடவைக்கான தாளில் MA-001, MB-001 என்று மாற்றிவிட்டோம்.